வித்தியாசம் 6 கிலோ என்றால் எந்தப் பெட்டியைத் தேடுவது?

கேள்வி: துண்டு ஏற்றுமதி, மூன்று அளவுகள், மொத்தம் 78 பெட்டிகள், 4,960 உருப்படிகள். பேக்கிங் லிஸ்ட்டில் நெட் 906 கிலோ, கிராஸ் 995.8 கிலோ, கன அளவு 5.08 சிபிஎம் என்று இருக்கிறது. இன்வாய்ஸில் நெட் 900, கிராஸ் 989.8, 5.28 சிபிஎம். பெட்டி எண்ணிக்கையும் உருப்படி எண்ணிக்கையும் இரண்டிலும் ஒன்றுதான். பேக்கிங் லிஸ்ட்டின் வரிகளைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன், மொத்தம் சரியாகவே வருகிறது. தப்பு எங்கே இருக்கும்? இன்வாய்ஸை லிஸ்ட்டுக்கு ஏற்ப மாற்றிவிடலாமா?

பதில்:

இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே தப்பு எந்தப் பக்கம் என்று ஓரளவு சொல்லிவிட முடியும். உங்கள் லிஸ்ட்டில் இருப்பது ஒரு தப்பு இல்லை, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு தப்புகள்.

வித்தியாசங்களை மட்டும் தனியாக எழுதிப் பாருங்கள். நெட்டில் 6.0 கிலோ, கிராஸிலும் அதே 6.0 கிலோ. கிராஸ் என்பது சரக்கின் எடையும் பெட்டி, டேப், உள்ளே வைத்த அட்டை எல்லாவற்றின் எடையும் சேர்ந்தது. கூடுதலாக ஒரு பெட்டி எழுதப்பட்டிருந்தால் அந்தக் காலிப் பெட்டியின் எடையும் கிராஸில் ஏறியிருக்கும். கிராஸ் வித்தியாசம் நெட் வித்தியாசத்தைவிட ஒரு கிலோ சொச்சம் அதிகமாக வந்திருக்கும். இரண்டும் ஒரே அளவில் வந்திருப்பதால் பெட்டிக் கணக்கு சரி, ஏதோ ஒரு பெட்டிக்கு உள்ளே இருக்கும் சரக்கின் கணக்குதான் தப்பு. சிபிஎம் வித்தியாசமோ 0.20. பெட்டிக்குள் எவ்வளவு சரக்கு இருந்தாலும் பெட்டியின் வெளி அளவு மாறாது. ஆகவே 0.20-க்குக் காரணம் வேறு, அதைப் பிறகு பார்க்கலாம்.

கிராஸ் மட்டும் உதைத்து நெட் ஒத்துப்போயிருந்தால் காலிப் பெட்டி எடையையோ பேலட்டையோ சந்தேகப்பட வேண்டும். நெட், கிராஸ், சிபிஎம் மூன்றுமே ஒரு முழுப் பெட்டியின் அளவுக்கு விலகியிருந்தால் பெட்டி எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். கூட்டலைத் திரும்பச் செய்வதில் பலன் இல்லாததற்குக் காரணம், கூட்டலை எக்ஸெல் சரியாகத்தான் செய்யும். தப்பு ஒவ்வொரு வரியின் உள்ளே இருக்கும் பெருக்கலில் ஒளிந்திருக்கும்.

சரி, வரிக்குள் போவோம். உங்கள் லிஸ்ட்டை நான் பார்க்கவில்லை. அதனால் உங்கள் மொத்தங்களைத் தரக்கூடிய ஒரு லிஸ்ட்டை நானே அமைத்துக்கொள்கிறேன். பெட்டி 1 முதல் 40 வரை 500 கிராம் குளியல் துண்டு, பெட்டிக்கு 24. பெட்டி 41 முதல் 65 வரை 180 கிராம் கைத்துண்டு, பெட்டிக்கு 60. பெட்டி 66 முதல் 78 வரை 60 கிராம் முகத்துண்டு, பெட்டிக்கு 200, மொத்தம் 2,500. இந்தக் கடைசி வரியை மட்டும் கவனியுங்கள். 66 முதல் 78 வரை 13 பெட்டிகள். பதின்மூன்றை 200-ஆல் பெருக்கினால் 2,600 வர வேண்டும், வரியில் 2,500 என்று இருக்கிறது. அந்த 2,500 பெருக்கி வந்ததில்லை, ஆர்டரைப் பார்த்துக் கையால் அடித்தது. அதனால்தான் இன்வாய்ஸோடு உருப்படிக் கணக்கு அழகாக ஒத்துப்போகிறது. நெட் எடையை மட்டும் ஃபார்முலா 13 × 12 கிலோ என்று பெருக்கி 156 ஆக்கிவிட்டது. உண்மையில் கடைசிப் பெட்டியில் மீதமிருந்த 100 துண்டுகள்தான், அதாவது 6 கிலோ. முழுப் பெட்டியாகக் கணக்கிட்டதால் நெட்டிலும் கிராஸிலும் ஆறாறு கிலோ ஏறிவிட்டது.

பாதி நிறைந்த கடைசிப் பெட்டி, பேக்கிங் லிஸ்ட்களில் எடை உதைப்பதற்கு நான் அடிக்கடி பார்த்த காரணம். அதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன வகுத்தல் போதும். ஒவ்வொரு வரியிலும் நெட் எடையை உருப்படி எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். முதல் வரி 500 கிராம், இரண்டாவது 180 கிராம் என்று நேராக வரும். மூன்றாவது வரியில் 156 கிலோவை 2,500-ஆல் வகுத்தால் 62.4 கிராம். அறுபது கிராம் துண்டு ஒரே வரியில் மட்டும் கனத்துப்போக வழியில்லை.

திருத்த வழி, குறைந்த பெட்டியைத் தனி வரியாகப் பிரிப்பது. இப்படி:

| பெட்டி எண் | சரக்கு | பெட்டிகள் | பெட்டிக்கு | உருப்படிகள் | நெட் (கிலோ) | கிராஸ் (கிலோ) |
|---|---|---|---|---|---|---|
| 1–40 | குளியல் துண்டு | 40 | 24 | 960 | 480.0 | 528.0 |
| 41–65 | கைத்துண்டு | 25 | 60 | 1,500 | 270.0 | 297.5 |
| 66–77 | முகத்துண்டு | 12 | 200 | 2,400 | 144.0 | 157.2 |
| 78 | முகத்துண்டு | 1 | 100 | 100 | 6.0 | 7.1 |
| மொத்தம் | | 78 | | 4,960 | 900.0 | 989.8 |

நெட், கிராஸ் இரண்டும் இன்வாய்ஸோடு ஒத்துப்போய்விட்டன. ஆனால் காகிதத்தில் ஒத்துப்போனதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். பேக்கிங் செய்தவரைக் கூப்பிட்டு, 78-ஆம் பெட்டியில் எத்தனை இருக்கிறது என்று கேளுங்கள். முடிந்தால் அந்த ஒரு பெட்டியைத் தராசில் ஏற்றச் சொல்லுங்கள். 7 கிலோ பக்கம் காட்டினால் இன்வாய்ஸ் சரி, லிஸ்ட் தப்பு. 13 கிலோ காட்டினால் கதை தலைகீழ்: 100 துண்டுகள் கூடுதலாகப் போகின்றன, லிஸ்ட்டின் எடைதான் உண்மை, இன்வாய்ஸில் எண்ணிக்கை குறைவு. அப்படியே அனுப்பினால் அது கணக்கில் காட்டாத சரக்கு. சுங்கத்தில் பெட்டியைத் திறந்து எண்ணினால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். இன்வாய்ஸை லிஸ்ட்டுக்கு ஏற்ப மாற்றலாமா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். எந்தக் காகிதத்தையும் இன்னொரு காகிதத்தைப் பார்த்துத் திருத்தக் கூடாது. பெட்டியைப் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

பெட்டி எண்ணிக்கை உங்களுக்கு இந்த முறை சிக்கல் தரவில்லை. இருந்தாலும் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். 41 முதல் 65 வரை என்றால் 25 பெட்டிகள். 65-இல் 41-ஐக் கழித்து 24 என்று எழுதிவிடுபவர்கள் நிறைய. அடுத்தது கலப்புப் பெட்டி. 78-ஆம் பெட்டியில் இடம் மிச்சமிருக்கிறது என்று கொஞ்சம் கைத்துண்டையும் போட்டிருந்தால் அந்த எண் இரண்டு வரிகளில் வரும். நெட் எடையை இரண்டு வரிகளிலும் பிரித்து எழுதலாம். பெட்டி எண்ணிக்கை, காலிப் பெட்டி எடை, கன அளவு மூன்றையும் ஒரே வரியில் மட்டும் போட வேண்டும், இல்லாவிட்டால் 79 பெட்டிகள் ஆகிவிடும். வரிசை எண் தொடர்ச்சியாகப் போகும் லிஸ்ட்டில் கடைசி எண்ணும் மொத்தப் பெட்டி எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது எளிய சோதனை.

காலிப் பெட்டி எடையையும் ஒருமுறை கண்ணோட்டமாகப் பாருங்கள். மேலே உள்ள கணக்கில் கிராஸில் நெட்டைக் கழித்தால் குளியல் துண்டுப் பெட்டிக்கு 1.2 கிலோ, மற்ற இரண்டுக்கும் 1.1 கிலோ வருகிறது. கைத்துண்டும் முகத்துண்டும் ஒரே அளவுப் பெட்டியில் போவதால் இரண்டும் சமமாக இருப்பது நியாயம். ஒரே அளவுப் பெட்டிக்கு ஒரு வரியில் 1.1, இன்னொரு வரியில் 0.6 என்று வந்தால் ஏதோ ஒன்று கற்பனை. 78-ஆம் பெட்டிக்கும் 1.1 தான் வர வேண்டும். சரக்கு பாதியானது என்று கிராஸையும் சரிபாதியாக்கி 6.55 என்று எழுதியிருந்தால், காலிப் பெட்டியையும் பாதியாக வெட்டிவிட்டார்கள் என்று அர்த்தம்.

இனி சிபிஎம். குளியல் துண்டுப் பெட்டி 58 × 38 × 34 செ.மீ., மற்றவை 50 × 40 × 30 செ.மீ. என்று வைத்துக்கொள்கிறேன். சின்னப் பெட்டி கச்சிதமாக 0.060 கன மீட்டர். பெரிய பெட்டி 0.074936. இதை இரண்டு தசமத்துக்குச் சுருக்கி 0.07 என்று எழுதி, அந்த 0.07-ஐ 40-ஆல் பெருக்கினால் 2.80 வரும். சுருக்காமல் பெருக்கினால் 2.997. கைத்துண்டின் 1.50, முகத்துண்டின் 0.78 இரண்டையும் சேர்த்தால் முதல் வழியில் 5.08, இரண்டாவது வழியில் 5.277. உங்கள் 0.20 இங்கேதான் போயிருக்கிறது. ஒரு பெட்டிக்கு 5,000 கன செ.மீ. கூட இல்லாத சுருக்கல், நாற்பது பெட்டியில் மூன்று சின்னப் பெட்டிகளின் இடத்தை விழுங்கிவிட்டது.

ஆகவே தசமத்தைக் கடைசி மொத்தத்தில் மட்டும் சுருக்குங்கள். B, C நிரல்களில் தொடக்க, முடிவுப் பெட்டி எண்களும், I, J, K நிரல்களில் செ.மீ. அளவுகளும் இருந்தால்:

```
D2: =C2-B2+1
L2: =D2*I2*J2*K2/1000000
L6: =ROUND(SUM(L2:L5),3)
```

எக்ஸெல்லில் இன்னொரு கண்ணாமூச்சி உண்டு. செல்லின் வடிவத்தை இரண்டு தசமமாக வைத்தால் திரையில் 0.07 தெரியும், உள்ளே 0.074936 அப்படியே இருக்கும். மொத்தம் 5.277 என்று சரியாக வரும். ஆனால் அச்சிட்ட காகிதத்தைக் கையில் வைத்து 0.07 × 40 என்று சரிபார்க்கிறவருக்கு அது தப்பாகத் தெரியும். அதனால் ஒரு பெட்டியின் அளவை அச்சிலும் குறைந்தது நான்கு தசமத்துக்குக் காட்டுங்கள், இல்லையென்றால் அந்த நிரலை எடுத்துவிட்டு நீளம், அகலம், உயரத்தை மட்டும் காட்டுங்கள். இன்வாய்ஸில் 5.28, லிஸ்ட்டில் 5.277 என்று விடவும் வேண்டாம். இரண்டும் ஒரே அளவுதான் என்பது உங்களுக்குத் தெரியும், எதிரே உட்கார்ந்து எண்களை ஒப்பிடுகிறவருக்கு அது விளக்கம் கேட்க வேண்டிய ஒன்று.

கணக்கு சரியாகிவிட்டாலும், போட்ட அளவு எங்கிருந்து வந்தது என்று கேட்டே ஆக வேண்டும். பெட்டி தயாரிப்பவர் சொல்லும் அளவு பெரும்பாலும் உள்ளளவு. வெளியே அளந்தால் அட்டையின் தடிமனால் ஒவ்வொரு பக்கமும் ஒரு செ.மீ. சுமாருக்குக் கூடும். துண்டு மாதிரி மெத்தென்ற சரக்கில் மூடியும் புடைத்துக்கொள்ளும். கிடங்கில் அளப்பவர்கள் புடைத்த இடத்தில்தான் டேப்பை வைப்பார்கள். 34 செ.மீ. உயரம் 37 ஆனால் 40 பெட்டிகளுக்கு 2.997 என்பது 3.262 ஆகிவிடும். காகிதத்தில் எல்லாம் ஒத்துப்போய், ஃபார்வர்டரின் பில்லில் மட்டும் கால் சிபிஎம் கூடுதலாக வருவது பெரும்பாலும் இப்படித்தான். டேப் ஒட்டி அடுக்கிய பெட்டிகளில் சிலவற்றை அளந்து அந்த எண்ணைப் போடுங்கள்.

எடையிலும் இதுபோல ஒன்று உண்டு. பருத்தி காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும். வணிகக் கணக்கில் பருத்திக்கு ஒப்புக்கொள்ளும் ஈரப்பதமே 8.5 சதவீதம். அதனால் வறண்ட நாளில் நிறுத்த பெட்டியும் மழை நாளில் நிறுத்த அதே பெட்டியும் சில நூறு கிராம் வித்தியாசப்படலாம். இதற்குப் பயந்து எண்ணை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். ஆனால் எல்லாப் பெட்டிக்கும் ஒரே சீராக ஒரு கிலோ கூடுதலாக வந்தால் அதற்கு ஈரத்தைப் பழி சொல்ல முடியாது, துண்டின் எடையையே மறுபடி நிறுத்துப் பார்க்க வேண்டும்.

நெட் எடையை இன்வாய்ஸோடு ஒப்பிடும்போது, இரண்டு காகிதமும் ஒரே பொருளில்தான் நெட் என்கின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொரு துண்டும் பாலிதீன் உறையில் அட்டை வைத்து வந்தால், சிலர் உறையோடு சேர்த்து நெட் என்பார்கள், சிலர் வெறும் துண்டின் எடையை. உறையும் அட்டையும் 5 கிராம் என்று வைத்தால்கூட 4,960 உருப்படிக்கு 24.8 கிலோ. நெட் வித்தியாசத்தை உருப்படி எண்ணிக்கையால் வகுத்து, உறையின் எடைக்குப் பக்கத்தில் ஒரு எண் வந்தால் காரணம் இதுதான். விலை கிலோவுக்கு என்று பேசியிருந்தால் இது வெறும் காகிதச் சிக்கல் இல்லை, பணம்.

லெட்டர் ஆஃப் கிரெடிட் வழியாகப் பணம் வருகிறது என்றால் வங்கி என்ன பார்க்கும் என்பதும் தெரிந்திருக்கட்டும். 2007 முதல் நடப்பில் உள்ள யூசிபி 600 விதிகளின் 14-ஆம் பிரிவு, ஆவணங்களில் உள்ள தகவல்கள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. ஒன்றோடொன்று முரண்படக் கூடாது என்கிறது. வங்கி உங்கள் பெருக்கலை வரி வரியாகப் போட்டுப் பார்க்காது. மொத்த எண்ணிக்கை, மொத்த எடை, பெட்டிகளின் மொத்தம் ஆகியவை மற்ற ஆவணங்களோடு மோதுகின்றனவா என்றுதான் பார்க்கும். 906-உம் 900-உம் மோதும். அதே சமயம், மொத்தங்கள் ஒத்துப்போய் உள்ளே 13 × 200 = 2,500 என்று இருந்தால் வங்கி விட்டுவிடலாம், சுங்கமும் வாங்குபவரின் கிடங்கும் விடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

திருத்துவதை பி.எல். என்ற கப்பல் சரக்கு ரசீது போடுவதற்கு முன்னால் முடித்துவிடுங்கள். ஷிப்பிங் இன்ஸ்ட்ரக்ஷனில் ஏற்கெனவே 995.8 போயிருந்தால் லிஸ்ட்டைத் திருத்திய கையோடு ஃபார்வர்டருக்கும் புதிய எண்ணைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு காகிதம் ஒத்துப்போய் மூன்றாவது மோதும். பி.எல். வெளியான பிறகு மாற்றுவதற்குக் கட்டணமும் நாளும் ஆகும்.

அப்புறம் பேலட். நீங்கள் அதைப் பற்றிச் சொல்லவில்லை, ஆனால் சரக்கு பேலட்டில் ஏறுகிறது என்றால் மேலே சரிசெய்த மொத்தங்களோடு கணக்கு முடியவில்லை. 1.2 × 1.0 மீட்டர் பேலட் நான்கு, ஒன்று 18 கிலோ, உயரம் 15 செ.மீ. என்று வைப்போம். குளியல் துண்டு பேலட்டுக்கு 20 பெட்டிகள், அடுக்குக்கு ஐந்தாக நான்கு அடுக்கு, உயரம் பேலட்டோடு 1.51 மீட்டர். மீதி 38 பெட்டிகள் இருபதும் பதினெட்டுமாக, உயரம் 1.35, 1.05 மீட்டர். நெட் அதே 900. கிராஸ் 989.8 + 72 = 1,061.8 கிலோ. கன அளவு 5.277-இலிருந்து 6.504 ஆகிவிடுகிறது, ஏனென்றால் பேலட்டின் மரமும் பெட்டிகளுக்கு ஓரத்தில் விழும் காலி இடமும் சேர்ந்துவிடுகின்றன.

இதே சரக்கு விமானத்தில் போனால் வித்தியாசம் நேராகப் பில்லில் தெரியும். விமானச் சரக்கில் வழக்கமாக 6,000 கன செ.மீ.-ஐ ஒரு கிலோவாக வைத்துக் கன எடை போடுவார்கள். கன எடை, கிராஸ் எடை இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். பேலட் இல்லாமல் கன எடை சுமார் 880 கிலோ, கிராஸ் 989.8, ஆகவே எடைக்குக் கட்டணம். பேலட்டோடு கன எடை 1,084, கிராஸ் 1,061.8, ஆகவே இடத்துக்குக் கட்டணம்.

லிஸ்ட்டில் இதை எழுதும்போது "4 பேலட்டுகள், அவற்றில் 78 பெட்டிகள்" என்று இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். பெட்டிகளின் கிராஸ் 989.8, பேலட்டுகள் 72, மொத்தம் 1,061.8 என்று மூன்று வரியாகக் காட்டிவிட்டு, இன்வாய்ஸிலும் பி.எல்.-இலும் கடைசி எண்ணைப் போடுங்கள். கன்டெய்னரை நீங்களே நிரப்பி அனுப்புவதாக இருந்தால், 2016 ஜூலை 1 முதல் கேட்கும் விஜிஎம் என்ற சரிபார்த்த மொத்த எடையில் இந்த 1,061.8-க்கு மேல் உள்ளே வைக்கும் முட்டு, கட்டுப் பொருள்களின் எடையும் கன்டெய்னரின் காலி எடையும் சேரும். அதனால் அது எந்தக் காலத்திலும் லிஸ்ட்டின் கிராஸோடு ஒத்துப்போகாது. அதைப் பார்த்துக் கிராஸைத் திருத்தச் சொல்லி யாராவது கேட்டால் திருத்த வேண்டாம்.